குழாயெல்லாம் மூடியிருக்க, மீட்டர் ஏன் சுற்றுகிறது?

ஒரே தண்ணீர் மீட்டரை இரண்டு பேர் ஐந்து நிமிட இடைவெளியில் போய்ப் பார்க்கிறார்கள். "சுத்துதுங்க" என்கிறார் மனைவி. "நிக்குதே, நல்லாப் பாத்தியா?" என்று கேட்கிறார் கணவர். இருவருமே கண்டதைத்தான் சொல்கிறார்கள். வீட்டுக் கசிவுகள் பல இந்த இடத்தில்தான் தப்பித்துப் போகின்றன. மீட்டர் சுற்றுகிறதா என்ற கேள்வி போதாது. எப்படிச் சுற்றுகிறது, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை நிற்கிறது என்று பார்த்தால், கசிவு இருக்கிறதா என்பதோடு எங்கே இருக்கிறது என்பதும் ஓரளவு தெரிந்துவிடும்.

சிங்கப்பூரில் 2025 ஏப்ரல் 1 முதல் வீட்டுத் தண்ணீர், மாதம் 40 கனமீட்டர் வரை, கனமீட்டருக்கு 3.24 வெள்ளி. தண்ணீர்க் கட்டணம், நீர் சேமிப்பு வரி, கழிவுநீர்க் கட்டணம் மூன்றும் இதில் அடங்கும். பொருள் சேவை வரி தனி. கசிந்து கழிவறைக் குழிக்குள் போகும் தண்ணீருக்கும் இதே விலைதான். மீட்டரைத் தாண்டிய தண்ணீர் எங்கே போனது என்று பில் கேட்பதில்லை.

மீட்டர் முகத்தில் என்ன இருக்கிறது

வீவக வீடுகளில் மீட்டர் பெரும்பாலும் வாசலுக்கு வெளியே, தாழ்வாரத்து அலமாரிக்குள் இருக்கும். அந்த அலமாரிக்குள் பக்கத்து வீட்டு மீட்டர்களும் வரிசையாக இருக்கும் என்பதால், முதலில் உங்கள் மீட்டர் எது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கதவு எண் ஒட்டியிருந்தாலும் நம்பிவிட வேண்டாம். ஒருவர் சமையலறைக் குழாயை முழுதாகத் திறந்துவிட, இன்னொருவர் அலமாரி முன் நின்று எது வேகமாக ஓடுகிறது என்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பக்கத்து வீட்டு மீட்டரைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுச் சுவரை உடைக்கச் சொன்னவர்கள் உண்டு.

மூடியைத் தூக்கி, கண்ணாடியைத் துடைத்து, கைப்பேசி விளக்கைச் சாய்வாக அடித்தால் மூன்று விஷயங்கள் தெரியும்.

1. கறுப்பு எண்கள். இவை கனமீட்டர். ஒரு கனமீட்டர் என்பது 1,000 லிட்டர். பில்லில் வருவது இந்த எண்தான்.

2. சிவப்பு எண்கள் அல்லது சிவப்பு முள்கள். இவை கனமீட்டரின் பின்னங்கள். சிவப்பில் மூன்று இலக்கம் இருந்தால், கடைசி இலக்கம் ஒரு லிட்டர். வட்டத்தின் அருகே x0.0001 என்று எழுதியிருந்தால், அந்த முள் ஒரு கோடு நகர்வது நூறு மில்லிலிட்டர். ஒரு முழுச் சுற்று ஒரு லிட்டர். கசிவுச் சோதனைக்கு நமக்கு வேண்டியது இந்தச் சிவப்புப் பகுதி மட்டுமே.

3. நடுவிலோ ஓரத்திலோ ஒரு சின்ன நட்சத்திரம், முக்கோணம் அல்லது பல்சக்கரம் போன்ற ஒன்று. எண்கள் நகரும் முன்பே இது நகர்ந்துவிடும். ஓட்டம் மெலிதாக இருந்தாலும் முதலில் காட்டிக்கொடுப்பது இதுதான். கட்டுரையின் மீதிப் பகுதியில் இதை நட்சத்திரம் என்றே சொல்கிறேன்.

புதிய மின்னணு மீட்டர்களில் நட்சத்திரம் இருக்காது, திரையில் எண் மட்டும் ஓடும். பொதுப் பயனீட்டுக் கழகம் 2022 முதல் முதற்கட்டமாகச் சுமார் 300,000 மின்னணு மீட்டர்களைப் பொருத்தும் திட்டத்தைத் தொடங்கியது. அந்த வட்டாரங்களில் இருப்பவர்களுக்குக் கசிவு எச்சரிக்கை தானாகவே வரும். எச்சரிக்கை வந்த பிறகு கசியும் இடத்தைத் தேடும் வேலை மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

பில் ஏன் ஒரே மாதத்தில் எகிறுகிறது

இயந்திர மீட்டரை ஆள் வந்து குறிப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. இடைப்பட்ட மாதத்தின் பில், நீங்களே எண்ணைக் குறித்து அனுப்பாவிட்டால், முந்தைய பயன்பாட்டை வைத்துப் போடும் மதிப்பீடு. ஆகவே கசிவு தொடங்கிய முதல் மாதத்தில் பில் வழக்கம்போலவே இருந்துவிடும். அடுத்த மாதம் உண்மையான எண் வரும்போது, இரண்டு மாதக் கசிவும் ஒரே பில்லில் வந்து உட்காரும். "போன மாசம் சரியாத்தானே இருந்தது" என்று மீட்டர்மேல் சந்தேகப்படுவது இதனால்தான். இயந்திர மீட்டர் பழசானால் பெரும்பாலும் குறைவாகக் காட்டுமே தவிர, கூட்டிக் காட்டுவது அபூர்வம்.

நட்சத்திரத்தின் நடை

வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, மீட்டர் முன் குறைந்தது பதினைந்து நிமிடம் நிற்க வேண்டும். ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு போங்கள். நட்சத்திரம் மூன்று விதமாக நடந்துகொள்ளும்.

1. நிற்காமல், ஒரே வேகத்தில் மெல்லச் சுற்றுவது. தண்ணீர் எங்கோ இடைவிடாமல் போய்க்கொண்டிருக்கிறது. சுவருக்குள் இருக்கும் குழாயில் ஓட்டை, கழிவறைத் தொட்டியில் தண்ணீர் நிரப்பும் வால்வு மூடாமல், தொட்டிக்குள் நிமிர்ந்து நிற்கும் உள்குழாய் வழியே வழிந்துகொண்டிருப்பது, சேமிப்பு ஹீட்டரின் அழுத்த வால்வு ஒழுகுவது ஆகியவை இந்த வகை. சமையலறைத் தொட்டிக்கு அடியில் ஆர்ஓ வடிகட்டி வைத்திருப்பவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதன் நிறுத்து வால்வு கெட்டுப்போனால், கழிவுக் குழாயில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

2. வெகுநேரம் சும்மா இருந்துவிட்டு, திடீரென்று சில வினாடி வேகமாக ஓடி, மறுபடி நிற்பது. இது கிட்டத்தட்ட எப்போதும் கழிவறைத் தொட்டிதான். தொட்டியின் அடியில் தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர் வளையம் சரியாக உட்காமல், தண்ணீர் கோப்பைக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். மட்டம் ஓர் அளவுக்குக் கீழே போனதும் மிதவை இறங்கி, நிரப்பும் வால்வு திறக்கும், நிரம்பியதும் மூடும். கசிவு இடைவிடாமல் நடக்கிறது, ஆனால் மீட்டர் அதைத் தவணை தவணையாகத்தான் பார்க்கிறது. மேலே பார்த்த கணவனும் மனைவியும் ஒரே மீட்டரைப் பற்றி இரு விதமாகச் சொன்னதற்குக் காரணம் இதுவே.

3. கொஞ்சம் முன்னால் போய், கொஞ்சம் பின்னால் வருவது. இது கசிவல்ல. உயரமான மாடிகளுக்குத் தண்ணீர் தரும் பம்பு ஓடி நிற்கும்போதும், பக்கத்து வீடுகளில் குழாயைத் திறந்து மூடும்போதும் அழுத்தம் ஏறி இறங்கும். உங்கள் வீட்டுக் குழாய்க்குள் எங்காவது காற்று சிக்கியிருந்தால், அது சுருங்கி விரியும்போது மீட்டரில் தண்ணீர் இப்படியும் அப்படியும் அசையும். ஒரு மணி நேரம் கழித்துச் சிவப்பு எண் அதே இடத்தில் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

இரவுச் சோதனை

பதினைந்து நிமிடம் பார்ப்பது வகையைச் சொல்லும். அளவைத் தெரிந்துகொள்ள ஓர் இரவு வேண்டும்.

1. படுக்கப் போகும் முன் சலவை இயந்திரம், பாத்திரம் கழுவும் இயந்திரம், வடிகட்டி இவற்றின் வால்வுகளை மூடுங்கள். சேமிப்பு ஹீட்டரின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். சூடாகும்போது தண்ணீர் விரிந்து அழுத்த வால்வில் சொட்டுவது இயல்பு, அது கணக்கைக் குழப்பும்.

2. கழிவறையில் இருக்கும் கைத்தெளிப்பானின் வால்வையும் மூடுங்கள். தெளிப்பானின் விசையை விட்டால் தண்ணீர் நின்றுவிடுகிறதே என்று பலர் பின்னால் இருக்கும் வால்வைத் திறந்தே வைத்திருப்பார்கள். இரவு பகலாக அழுத்தத்தைத் தாங்குவதற்கு அந்தக் குழல் செய்யப்பட்டதல்ல. முதலில் கசிவது தலைப்பகுதி, ஒருநாள் வெடிப்பது குழல்.

3. கடைசியாகக் கழிவறைக்குப் போய்வந்து பத்து நிமிடம் பொறுத்து, தொட்டிகள் நிரம்பிய பிறகு மீட்டரைப் படம் பிடியுங்கள். கையால் எழுதினால் தூக்கக் கலக்கத்தில் எண் மாறும். படத்தில் நேரமும் பதிந்திருக்கும்.

4. காலையில் யாரும் எதையும் திறக்கும் முன் மறுபடி படம் பிடியுங்கள்.

5. இரவில் யாராவது கழிவறையைப் பயன்படுத்தியிருந்தால் அதைக் கழித்துவிடுங்கள். இரட்டைப் பொத்தான் தொட்டியில் சின்னப் பொத்தானுக்கு மூன்று லிட்டர், பெரிய பொத்தானுக்கு நாலரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வீட்டுக் கணக்கு

இயந்திர மீட்டர் உள்ள ஒரு நான்கறை வீடு என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, பள்ளி செல்லும் மகன், கணவரின் அப்பா. வழக்கமாக மாதம் 17 கனமீட்டர் ஆகும் வீட்டில் ஒரு பில் மட்டும் 26 கனமீட்டர் என்று வருகிறது. இரவு 11.10க்குக் கறுப்பில் 1284, சிவப்பில் 637. காலை 5.40க்குக் கறுப்பு எண் மாறவில்லை, சிவப்பில் 679. வித்தியாசம் 42 லிட்டர். தாத்தா நடுராத்திரியில் ஒருமுறை எழுந்து சின்னப் பொத்தானை அழுத்தியிருக்கிறார், அதற்கு மூன்று கழித்தால் 39.

ஆறரை மணி நேரத்தில் 39 லிட்டர் என்றால் மணிக்கு ஆறு லிட்டர், நாளுக்கு 144 லிட்டர். சிங்கப்பூரில் ஒரு ஆள் ஒரு நாளில் சராசரியாகப் பயன்படுத்துவது ஏறத்தாழ 140 லிட்டர். அந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஐந்தாவதாக ஓர் ஆள் குடியிருப்பதற்குச் சமம். முப்பது நாளுக்கு 4.32 கனமீட்டர், சுமார் 14 வெள்ளி. இரண்டு மாதக் கசிவு ஒன்றாக விழுந்தால் எட்டரைக்கும் மேல். 17 என்பது 26 ஆன கணக்கு இதுவே, கூடுதலாக 28 வெள்ளி.

இனி நட்சத்திரம். பகலில் எல்லாவற்றையும் மூடிவிட்டு மனைவி மீட்டர் முன் உட்கார்ந்தபோது, பன்னிரண்டு நிமிடம் நட்சத்திரம் அசையவே இல்லை. பிறகு பதினைந்து வினாடிபோல ஓடி, ஒன்றேகால் லிட்டர்வரை காட்டிவிட்டு நின்றது. மறுபடியும் பன்னிரண்டு நிமிடம். பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒன்றேகால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு என்றால், மணிக்கு ஆறு லிட்டர். இரவுக் கணக்கும் நட்சத்திரக் கணக்கும் ஒத்துப்போகின்றன. ஆகவே கசிவு ஒன்றுதான், இரண்டல்ல. இரவுக் கணக்கு 39 ஆக இருந்து, நட்சத்திரக் கணக்கு பாதிதான் வந்திருந்தால், இன்னொரு கசிவைத் தேட வேண்டியிருக்கும்.

எந்தத் தொட்டி?

நான்கறை வீட்டில் கழிவறை இரண்டு. பலரும் செய்வது, தொட்டிக்கு அருகே காதை வைத்துக் கேட்பது. மணிக்கு ஆறு லிட்டர் கசிவு சத்தமே போடாது.

சமையலறையில் கேசரிக் கலர் இருந்தால் அதுவே போதும். ஒரு சிட்டிகையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, தொட்டி மூடியைத் தூக்கி உள்ளே ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் பொத்தானைத் தொடக்கூடாது. கோப்பைத் தண்ணீரில் நிறம் இறங்கியிருந்தால் அடி ரப்பர்தான் காரணம். மஞ்சள் தூளைப் போட வேண்டாம். கரையாமல் அடியில் தங்கும், பீங்கானில் கறை ஏறினால் போகாது.

நிறச் சோதனையைவிட எனக்கு நம்பிக்கை தருவது பென்சில் கோடு. தொட்டிக்குள் தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். தொட்டிக்குத் தண்ணீர் வரும் ஆங்கிள் வால்வை மூடிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். நாம் பார்த்த வீட்டில், பெரிய படுக்கையறைக் கழிவறைத் தொட்டியில் மட்டம் கோட்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே போயிருந்தது. மற்றத் தொட்டியில் கோடும் தண்ணீரும் ஒட்டியே இருந்தன. மட்டம் இறங்கினால் அடி ரப்பர். மட்டம் இறங்காமல் இருந்து, வால்வைத் திறந்ததும் உள்குழாயின் வாய்வழியே தண்ணீர் வழிந்தால் கோளாறு நிரப்பும் வால்வில். வாங்க வேண்டிய உதிரிப் பாகமே வேறு என்பதால் இந்த வித்தியாசம் முக்கியம்.

ரப்பரைக் கழற்றிப் பார்த்தால் ஓரம் உப்பி, விரலில் கறுப்பாக ஒட்டும். தண்ணீரில் இருக்கும் குளோரமின் ரப்பரை மெல்ல மெல்லக் கெடுக்கும். தொட்டிக்குள் போடும் நீல மாத்திரை அந்த வேலையை இன்னும் சீக்கிரமாகச் செய்யும். கடைக்குப் போகும்போது பழைய வளையத்தையே கையில் எடுத்துப் போவது நல்லது. ஒரே மாதிரி தெரியும் வளையங்கள் ஓரிரு மில்லிமீட்டர் மாறினாலும் உட்காராது.

இரண்டு தொட்டியும் நன்றாக இருந்து நட்சத்திரம் இன்னும் சுற்றினால், ஆங்கிள் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்து, எதை மூடியதும் நட்சத்திரம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு இருவர் வேண்டும், ஒருவர் மீட்டரில், ஒருவர் வீட்டுக்குள். ஒரு பொறி உண்டு: பழைய ஆங்கிள் வால்வு முழுதாகத் திருகினாலும் உள்ளே முழுதாக மூடாமல் இருக்கலாம். எல்லாவற்றையும் மூடியும் நட்சத்திரம் நிற்கவில்லை என்றால், சுவருக்குள் கசிகிறது என்று உடனே முடிவுகட்டாமல், வேகம் குறைந்ததா என்று பாருங்கள். வேகம் குறைந்திருந்தால் மூடாத வால்வு ஒன்று இருக்கிறது. கொஞ்சமும் குறையாமல் அதே வேகத்தில் சுற்றினால்தான் சந்தேகம் சுவருக்குப் போக வேண்டும்.

மீட்டர் சொல்லாதது

மீட்டருக்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. மிக மெல்லிய ஓட்டத்தில் உள்ளிருக்கும் பாகம் அசையாது. வினாடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய் நாளுக்கு நாலைந்து லிட்டர்தான் விடும். பல மீட்டர்கள் அதைக் கண்டுகொள்ளவே மாட்டா. ஆகவே நட்சத்திரம் நிற்கிறது என்றால் பெரிய கசிவு இல்லை என்று மட்டுமே பொருள்.

இன்னொன்று இதைவிட முக்கியம். மீட்டர் அளப்பது வீட்டுக்குள் வரும் தண்ணீரை மட்டுமே, வெளியே போவதை அல்ல. கீழ் வீட்டுக்காரர் வந்து, "அண்ணே, எங்க டாய்லெட் கூரை ஒழுகுது" என்று சொல்லும்போது உங்கள் நட்சத்திரம் அசையாமல் இருக்கலாம். அப்படியானால் கோளாறு பெரும்பாலும் குளியலறைத் தரையின் நீர்க்காப்புப் பூச்சிலோ கழிவுக் குழாயிலோ இருக்கும். குளித்த பிறகு ஒழுகி, ஊருக்குப் போயிருக்கும்போது காய்ந்துவிட்டால் அது இன்னும் உறுதி. மாறாக, யாரும் குளிக்காத நாளிலும் ஈரம் காயாமல், நட்சத்திரமும் இடைவிடாமல் சுற்றினால், அழுத்தத்தில் இருக்கும் குழாய்தான் கசிகிறது.

யாரைக் கூப்பிடுவது

மீட்டர் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பு; வீவக கட்டடத்தில் அதற்கு முன் உள்ள பொதுக் குழாய் நகர மன்றத்தின் பொறுப்பு. மீட்டருக்குப் பிறகு வருவது வீட்டு உரிமையாளருடையது; தாழ்வாரத்தில் வாசலுக்கு வெளியே ஓடும் துண்டும் அதில் சேரும். ரப்பர் வளையம், குழல், குழாய்த் தலை இவற்றை நீங்களே மாற்றலாம். சுவருக்குள் இருக்கும் தண்ணீர்க் குழாய் வேலைக்கு உரிமம் பெற்ற பிளம்பரை அழையுங்கள். அவர் வந்ததும் இரவுப் படம் இரண்டையும், நட்சத்திரம் எத்தனை நிமிடம் நின்றது, எத்தனை வினாடி ஓடியது என்ற குறிப்பையும் காட்டினால், தேடுவதற்கென்று போடும் மணிக்கணக்கு குறையும்.

கூரை ஒழுகும் விஷயம் என்றால் பிளம்பருக்கு முன் வீவக கிளை அலுவலகத்தில் தெரிவிப்பது நல்லது. இரு வீட்டுக்கும் இடைப்பட்ட தளத்தைப் பழுதுபார்க்கும் பொறுப்பு மேல் வீடு, கீழ் வீடு இரண்டுக்கும் பொது. உங்கள் மீட்டர் படத்தைக் கீழ் வீட்டுக்காரரிடமும் காட்டுங்கள். அவர் வீட்டுக் கூரை நனைவதற்கு உங்கள் தண்ணீர்க் குழாய் காரணமா, தரைப் பூச்சு காரணமா என்று இருவரும் ஒரே படத்தை வைத்துப் பேசலாம்.